பாத்ரூம் வேலைக்குக் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

95,000 ரூபாய்க்குப் பேசிய பாத்ரூம் வேலைக்கு நான் கடைசியில் கொடுத்தது 1,87,500 ரூபாய். அந்த ஆள் பெயரை இங்கே போடப்போவதில்லை. எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சென்னையில் இரண்டாவது மாடியில் எங்கள் ஃபிளாட். கட்டி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால், இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்து, தரை, சுவர், பைப் எல்லாவற்றையும் புதிதாக்க நினைத்தோம். பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "பாத்ரூமை முழுசா மாத்தணும், எவ்வளவு ஆகும்?"

ஒருவர் 1,68,000 சொன்னார், ஒருவர் 1,42,000. மூன்றாமவர் 95,000. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் இருந்தது இரண்டே வரி: "பாத்ரூம் ரெனொவேஷன், டைல்ஸ், பிளம்பிங், வாட்டர் ப்ரூஃபிங் உட்பட. மொத்தம் 95,000." மற்ற இருவரும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து இவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

உடைத்த மறுநாளே ஆரம்பித்தது. "ரப்பிஷ் அள்றது இதுல வராது மேடம்." இரண்டு மாடி இறக்கி வண்டியில் ஏற்ற 9,000. சுவருக்குள் இருந்த பழைய ஜிஐ பைப் துருப்பிடித்திருந்தது. நான் பிளம்பிங் என்றால் பைப்பும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கில் குழாய் மாட்டுவது மட்டும்தான் பிளம்பிங். அதற்குப் பதில் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் லைன் போட 14,000. டாய்லெட் மாறுவதால் கழிவுக் குழாயை நகர்த்த 8,500. டைல்ஸ் 7 அடி உயரம் வரைதான் கணக்காம். சீலிங் வரை வேண்டுமென்றால் இன்னொரு 9,000.

டைல்ஸ் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சுற்றளவு 24 அடி. 7 அடி உயரத்துக்கு 168 சதுர அடி, கதவும் வென்டிலேட்டரும் போனால் சுமார் 147. சீலிங் ஒன்பதரை அடி என்றால், மேலே உள்ள இரண்டரை அடிக்கு மட்டும் இன்னும் 60 சதுர அடி. உயரம் என்ன என்று நான் எழுதாததால், ஒருவர் 147-க்கும் இன்னொருவர் 207-க்கும் விலை சொல்லியிருக்கிறார்கள். நான் அதை மலிவு, அதிகம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை 1,35,500. பரவாயில்லை, வேலை நன்றாக வந்தால் போதும் என்று இருந்தேன். நாலாவது மாதம் கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர்கள் பாத்ரூம் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை, நடுவில் சுண்ணாம்பு உப்பிப் பொரிந்திருந்தது. இன்னொரு மேஸ்திரியை வைத்துத் தரையை உடைத்தோம். டைல்ஸுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் தோல் உரிவதுபோல் வந்தது, அடியில் தூசி. பழைய தளத்தைச் சுத்தம் செய்யாமல் மேலாக ஒரு கோட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்களுடையது சன்கன் ஸ்லாப். பாத்ரூம் கான்கிரீட் தளம் மற்ற அறைகளைவிட முக்கால் அடிக்கும் மேல் பள்ளமாக இருக்கும். அதில் கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் உடைசலால் நிரப்பி, மேலே தரை போடுவார்கள். குழாய் இணைப்போ டைல்ஸ் இடுக்கோ கசிந்தால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, மெதுவாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். பள்ளத்தின் அடியில் கான்கிரீட் மேல் ஒருமுறை, நிரப்பிய பிறகு டைல்ஸுக்குக் கீழே இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில் வாட்டர் ப்ரூஃபிங் செய்ய வேண்டும். அவர் பள்ளத்தைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, "வாட்டர் ப்ரூஃபிங் பண்ணியாச்சு மேடம், கொட்டேஷன்ல போட்டபடி" என்றார். அவர் எழுதியதில் எங்கே, எத்தனை கோட் என்று எதுவும் இல்லாததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி செய்ய 52,000.

இந்த வருஷம் இரண்டாவது பாத்ரூம். அளவு அதே. இம்முறை யாரையும் கூப்பிடும் முன் வேலை விவரத்தை இரண்டு பக்கம் எழுதினேன். உதாரணத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் பகுதியை அப்படியே தருகிறேன்:

"பள்ளத்தில் உள்ள பழைய நிரப்பலை முழுதும் எடுத்து, ஸ்லாபைக் கழுவிக் காயவைத்து, மூலைகளையும் குழாய் நுழையும் இடங்களையும் அடைத்த பின், பாலிமர் சிமென்ட் கோட்டிங் இரண்டு கோட். பள்ளத்தின் பக்கச் சுவர் முழுதும், தரை மட்டத்துக்கு மேல் 1 அடி, ஷவர் பக்கம் 6 அடி. பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை. கீழ் வீட்டு சீலிங்கை நான் பார்த்த பிறகே நிரப்பவேண்டும். நிரப்பிய பின் மேல் தளத்துக்கும் இதே கோட்டிங், இதே சோதனை."

டைல்ஸ் எதை வாங்குவோம் என்று அப்போது முடிவாகவில்லை. "சதுர அடி 65 ரூபாய் டைல்ஸ் என்று வைத்து, சீலிங் வரை, 10 சதவீதம் சேதாரம் சேர்த்துக் கணக்குப் போடவும். விலை கூடினால் வித்தியாசம் என்னுடையது, குறைந்தால் கழித்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். கமோடு, குழாய், ஷவர் நான் வாங்குவது, பொருத்தும் கூலி மட்டும் அவர்களுடையது. ரப்பிஷை இறக்கி அப்புறப்படுத்துவது, கமோடு பக்கத்தில் கைப்பிடிக் கம்பிக்காகச் சுவரைப் பலப்படுத்துவது, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரி.

உடைத்த பிறகுதான் தெரியும் என்கிற விஷயங்களும் உண்டு. சுவர் பூச்சு எவ்வளவு உதிரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதை மொத்தத் தொகைக்குள் திணிக்கச் சொல்வதும் நியாயமில்லை. அதனால் பூச்சு சதுர அடிக்கு எவ்வளவு, சிபிவிசி லைன் அடிக்கு எவ்வளவு என்று ரேட் மட்டும் கேட்டு வாங்கினேன். எக்ஸ்ட்ரா வந்தால் டேப் வைத்து அளந்து அந்த ரேட்டில் கொடுப்பது.

தொகை போட வேண்டிய அட்டவணையையும் நானே கொடுத்தேன். உடைப்பு, பிளம்பிங், வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ், எலெக்ட்ரிக்கல் என்று வரிவரியாக நிரப்பச் சொன்னேன். ஒருவர், "இவ்வளவு எழுதினா எங்களுக்கு ஒத்து வராது மேடம்" என்று போய்விட்டார். இன்னொருவர், கீசர் பாயிண்டுக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டுமா என்று கேட்டார். நான் எழுத மறந்தது அது. பதிலைத் தனியாக அவருக்கு மட்டும் சொல்லாமல், தாளில் சேர்த்து எல்லோருக்கும் திரும்ப அனுப்பினேன். வந்த மூன்று கொட்டேஷன்கள் 1,58,000, 1,66,000, 1,71,000. குறைந்த தொகைக்காரரின் வாட்டர் ப்ரூஃபிங் வரி மட்டும் மற்ற இருவருடையதில் பாதிதான் இருந்தது. மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. கீசரைப் பற்றிக் கேட்டவரின் 1,66,000-க்கே கொடுத்தேன்.

பணத்தையும் தேதிப்படி இல்லாமல் வேலைப்படி பிரித்தோம். தண்ணீர் கட்டும் சோதனை முடியாமல் மூன்றாவது தவணை கிடையாது. சோதனை அன்று தண்ணீர் வெளியேறும் டிராப்பை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு அரை அங்குலம் கீழே இருந்தது. அந்த அளவு ஆவியாகப் போகாது. கழிவுக் குழாய் ஸ்லாபைத் துளைத்துப் போகும் இடத்தில் கசிவு. மேஸ்திரி எதுவும் வாதாடவில்லை, தாளில் இருந்தபடி தண்ணீரை எடுத்து, அந்த இடத்தை மறுபடி அடைத்து, இரண்டு கோட் அடித்து, திரும்ப 48 மணி நேரம் கட்டினார். அதற்கு எக்ஸ்ட்ரா கேட்கவில்லை. இரண்டாம் முறை தண்ணீர் கோட்டிலேயே நின்றது. கீழ் வீட்டு அக்கா டார்ச் அடித்துப் பார்த்து, சீலிங் காய்ந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் செங்கல் உடைசலைக் கொட்டவிட்டேன்.