மௌனா லோவா, கேப் பாயிண்ட்: எந்தக் கோட்டில் பல் கூர்மை?

ஹவாயின் மௌனா லோவா நிலையப் பதிவில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுதோறும் மே மாதம் உச்சிக்கு ஏறி, செப்டம்பர் கடைசியில் அடிக்கு இறங்கும்; இடைவெளி சுமார் 6 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 6 பங்கு. வரைபடக் கோட்டில் இது ரம்பப் பல் போலத் தெரியும். சைபீரிய, கனடியக் காடுகள் கோடையில் தழைத்து உறிஞ்சுவதால் இறக்கம். குளிர்காலத்தில் உறிஞ்சல் நின்று, சருகும் மண்ணும் வெளியிடுவது மிஞ்ச, மறுபடி ஏற்றம்.

தென்னாப்பிரிக்காவில் நம் கேப் பாயிண்ட் நிலையத்தின் கோட்டில் அந்தப் பல் மழுங்கி, சுமார் 1 பிபிஎம்தான் தெரிகிறது. தெற்கில் கடல் அதிகம், காடு குறைவு. பருவமும் ஏறக்குறைய தலைகீழ்.

காடுகளின் மூச்சைப் படிக்க மௌனா லோவாதான் சரி. ஆண்டுக்காண்டு ஏற்றம் மட்டும் போதுமென்றால் கேப் பாயிண்ட் தெளிவு. ஆனால் கேப் டவுன் பக்கமிருந்து காற்றடித்தால் நகரப் புகை கலந்து கோட்டில் திடீர் முள் எழும். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் கூடவே உயர்ந்திருந்தால் அது நிலக்காற்று. அந்த மணிநேரங்களை நீக்கிவிட்டே சராசரி எடுக்க வேண்டும்.