ரெக்கவரி மோடும் டிஎஃப்யூ மோடும்: ஐபோன் எந்தப் படியில் நிற்கிறது?

ஐபோன் ஆப்பிள் சின்னத்தைத் தாண்டாமல் நின்றுவிட்டால், "டிஎஃப்யூ போட்டுப் பாருங்கள்" என்ற யோசனை முதலில் வந்துவிடுகிறது. போனைக் கணினி வழியாக மீட்க உதவும் ரெக்கவரி மோடின் கடுமையான வடிவம்தான் டிஎஃப்யூ என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில் இரண்டும் கருவி விழித்தெழும் வரிசையின் வெவ்வேறு படிகள். அந்த நேரத்தில் எந்த நிரல் இயங்குகிறது என்பதே அவற்றைப் பிரிக்கிறது.

மின்சாரம் கிடைத்ததும் செயலி முதலில் இயக்குவது, சிப் தயாராகும்போதே அதனுள் பதிக்கப்பட்ட, பிறகு யாராலும் மாற்ற முடியாத ரோம் நிரலை. அதனுள் ஆப்பிளின் பொதுச்சாவி இருக்கிறது. அந்தச் சாவியைக் கொண்டு அடுத்த நிரலான ஐபூட்டின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே ரோம் அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். ஏ9 மற்றும் அதற்கு முந்தைய செயலிகளில் இவ்விரண்டுக்கும் நடுவே எல்எல்பி என்ற இன்னொரு படியும் உண்டு. ஐபூட் தன் பங்குக்கு ஐஓஎஸ்ஸின் மைய நிரலான கெர்னலைச் சரிபார்த்து ஏற்றுகிறது.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதைப் பொறுத்தே மோடும் அமைகிறது. ஐபூட் நலமாக இருந்து, அதற்கு அடுத்த படி தவறினால், ஐபூட் திரையில் கேபிளும் கணினியும் உள்ள படத்தைக் காட்டி நிற்கும். அதுவே ரெக்கவரி மோட். ஐபூட்டையே ஏற்ற முடியாவிட்டால் ரோம் மட்டும் யூஎஸ்பி வழியாகக் காத்திருக்கும், அது டிஎஃப்யூ. திரையில் எதையும் வரையும் வேலை ரோமுக்கு இல்லாததால் அப்போது திரை கறுப்பாகவே இருக்கும்.

கறுப்புத் திரை என்பதால், டிஎஃப்யூவில் உள்ள போனையும் அணைந்து கிடக்கும் போனையும் கண்ணால் வேறுபடுத்த முடியாது. கணினியைத்தான் கேட்க வேண்டும். லினக்ஸில் இந்தக் கட்டளை போதும்:

```
lsusb -d 05ac:
```

விடையில் `05ac:1281` என்று வந்தால் ரெக்கவரி, `05ac:1227` என்று வந்தால் டிஎஃப்யூ.

புதிய ஐஓஎஸ்ஸை நிறுவும்போது பாதியில் நின்று, ஆப்பிள் சின்னத்திலேயே சுழலும் ஓர் ஐபோன் 11-ஐ எடுத்துக்கொள்வோம். படங்களுக்குக் காப்புநகல் இல்லை. சின்னம் தெரிகிறது என்பதே ஐபூட் இயங்குகிறது என்பதற்குச் சான்று; ஆகவே இங்கே டிஎஃப்யூவுக்கு வேலையில்லை. போனைக் கணினியுடன் இணைத்து, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விட்டு, ஒலி குறைக்கும் பொத்தானையும் அவ்வாறே அழுத்தி விட்டு, பக்கவாட்டுப் பொத்தானைக் கேபிள் படம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். ஆப்பிள் சின்னம் தோன்றியதும் கையை எடுத்துவிடுவதே பலர் செய்யும் பிழை. கணினி கேட்கும்போது Update என்பதைத் தேர்ந்தால், தரவை அழிக்காமல் ஐஓஎஸ்ஸை மீண்டும் நிறுவ அது முயலும். பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் இந்த மோடை விட்டு வெளியேறிவிடும். பதிவிறக்கம் முடியும்வரை பொறுத்து, பொத்தான் வரிசையை மறுபடி செய்தால் போதும்.

டிஎஃப்யூவில் இந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. Restore ஒன்றையே கணினி முன்வைக்கும், அது எல்லாவற்றையும் அழிக்கும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, போனில் உள்ள ஐபூட்டை அறவே நம்பாமல் தொடங்கும் வாய்ப்பு: கணினி முதலில் ஐபிஎஸ்எஸ் என்ற சிறு நிரலையும் பின்னர் ஐபெக் என்பதையும் அனுப்பி, அங்கிருந்து மீட்பைத் தொடர்கிறது. ரெக்கவரியில் ஐபூட் ஏற்கெனவே இயங்குவதால் ஐபிஎஸ்எஸ் தேவைப்படுவதில்லை. அதாவது டிஎஃப்யூ ஒரு படி முன்னதாகத் தொடங்குகிறதே தவிர, இரண்டு பாதைகளும் விரைவில் ஒன்றாகிவிடுகின்றன. டிஎஃப்யூவில் பழைய ஐஓஎஸ்ஸுக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையும் தவறு. இரண்டிலும் அந்தக் கருவிக்கென ஆப்பிளின் வழங்கி கையொப்பம் இட்டுத் தந்த பதிப்பையே நிறுவ முடியும். போனை உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பிணைக்கும் ஆக்டிவேஷன் லாக்கும் இரண்டிலும் அப்படியே நிற்கும்.

மாற்ற முடியாத ரோம் என்பதில் ஒரு விலையும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் வெளியான செக்எம்8 என்ற ஓட்டை, ரோமின் யூஎஸ்பி நிரலிலேயே இருந்தது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான போன்களை அது தொட்டது; எந்தப் புதுப்பிப்பாலும் அந்தப் போன்களில் அதை அடைக்க இயலவில்லை. அதைப் பயன்படுத்தப் போனை டிஎஃப்யூவில் வைத்தாக வேண்டும். ரோம் யூஎஸ்பியில் பேசுவது அங்கேதான்.

மீட்பு நடக்கும்போதே 9 அல்லது 4013 என்ற பிழை எண் வந்தால், இணைப்பு நடுவில் அறுந்தது என்று பொருள். முதலில் கேபிளையும், செருகிய துளையையும், கணினியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் டிஎஃப்யூவிலேயே அதே எண் திரும்பத் திரும்ப வருமானால், பழுது பெரும்பாலும் போனின் வன்பொருளில்தான் இருக்கும். மோடை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் அது தீராது.