ரூட்டர் தானாக அணைந்து எழுகிறதா? அடாப்டரா, சூடா?

ரூட்டர் தன்பாட்டில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னால் இரண்டு பதில்தான் வரும். "தொட்டுப் பாருங்க, கொதிக்கும்" என்பார் ஒருவர். "அடாப்டர் போயிருக்கும், மாத்துங்க" என்பார் இன்னொருவர். இரண்டும் நிஜமாகவே நடப்பவைதான். ஆனால் பெரும்பாலும் முதல் பதிலைத்தான் நம்புகிறோம். சூட்டைக் கையால் தொட்டு உணர்ந்துவிடலாம். அடாப்டர் தளர்ந்துபோவதை அப்படி உணர வழியில்லை. அதன் விளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டுதான் இருக்கும். நாலைந்து வருடம் இரவு பகலாக ஓடிய ரூட்டர் என்றால் நான் அடாப்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு முறை ஏமாந்ததால் வந்த புத்தி இது.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிஜமாகவே ரூட்டர்தான் அணைந்து எழுகிறதா, அல்லது இணையம் மட்டும் அறுந்து வருகிறதா? ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் `Uptime` என்று ஒரு வரி இருக்கும். நேற்று இரவு ஐந்து நாள் என்று காட்டியது இன்று காலை மூன்று மணி நேரம் என்று காட்டினால் அது ரீஸ்டார்ட். ஐந்து நாள் ஆறாகியிருந்தால் ரூட்டர் அசையவே இல்லை, கோளாறு லைனில். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. சில பக்கங்களில் இணைய இணைப்புக்குத் தனியாக ஒரு நேரம் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். ரூட்டர் தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் பதிவேடும் கைகொடுக்கும். பல ரூட்டர்கள் அதைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அணைந்து எழுந்தால் பழைய வரிகள் எல்லாம் அழிந்து, புதிதாக 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு தொடங்கும், ஏனென்றால் இணையத்தில் நேரம் கேட்டுச் சரிசெய்யும் வரை அதற்குத் தேதி தெரியாது.

சரி, ரீஸ்டார்ட்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது இரண்டு சந்தேக நபர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம்.

எப்படி விழுகிறது

அடாப்டர் கோளாறில் ரூட்டர் சட்டென்று விழும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணையும், அடுத்த நொடி பவர் விளக்கு வந்து வழக்கமான வரிசையில் மற்றவை எரியத் தொடங்கும். மின்சாரம் போய் வந்த மாதிரியே இருக்கும். உண்மையில் ரூட்டரைப் பொறுத்தவரை நடந்ததும் அதுதான்.

சூடு அப்படி இல்லை, பெரும்பாலும் அது இழுத்துப் பறித்துத்தான் படுக்கும். முதலில் வைஃபை மந்தமாகும். ஒரு அலைவரிசை காணாமல் போகும். அமைப்புப் பக்கம் திறக்காது. விளக்குகள் மட்டும் எரிந்தபடி, சிமிட்டாமல் உறைந்து நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் கண்காணிப்புச் சுற்று "ஆள் பதில் சொல்லவில்லை" என்று கண்டுபிடித்து ரீசெட் செய்யும், இல்லாவிட்டால் நீங்களே போய் அணைத்துப் போடும் வரை அப்படியே கிடக்கும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விளக்குகள் நடந்துகொள்ளும் விதம் நல்ல முதல் துப்பு.

இதைக் கண் விழித்துக் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியை வைஃபையில் இல்லாமல் கேபிளில் இணைத்து இதை ஓட விடுங்கள், உங்கள் ரூட்டரின் முகவரி வேறு என்றால் அதைப் போட்டு:

```
ping -t 192.168.1.1
```

அடாப்டர் காரணம் என்றால் பதில்கள் 1 மில்லி நொடியில் சீராக வந்துகொண்டிருந்து திடீரென்று அறும், கணினியில் கேபிள் இணைப்பே போனதாகவும் காட்டும். சூடு என்றால் அறுவதற்கு முன் பதில் நேரம் ஏறி இறங்கித் தள்ளாடுவதும், கேபிள் இணைப்பு இருக்கும்போதே பதில் வராமல் போவதும் அதிகம்.

எப்போது விழுகிறது

சூடு சேர நேரம் பிடிக்கும். அதனால் போட்டு அரை மணி, ஒரு மணி கழித்து, அதுவும் வெயில் நேரத்தில் விழும். அணைத்து உடனே போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி விழும். அரை மணி ஆறவிட்டுப் போட்டால் நன்றாக ஓடும்.

அடாப்டருக்கு ஓய்வு கொடுத்தால் பலன் இல்லை. சில சமயம் நிலைமை மோசமாகும். அதன் உள்ளே வெளியீட்டுப் பக்கம் நிற்கும் கெப்பாசிட்டர்தான் காரணம். அதற்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்து வருகிறது. காயக் காய அதன் உள்தடை கூடும், மின்னழுத்தத்தைச் சமமாகப் பிடித்து வைக்க முடியாமல் போகும். குளிர்ந்திருக்கும்போது இந்தத் தடை இன்னும் அதிகம். அதனால்தான் இரவெல்லாம் அணைத்து வைத்த ரூட்டர் காலையில் நாலைந்து முறை எழ முயன்று விழுந்து, அடாப்டர் சற்று வெதுவெதுப்பான பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். குளிரில் அடம், வெதுவெதுப்பில் சமத்து என்றால் கை நீட்ட வேண்டியது அடாப்டர் பக்கம். சூட்டுக் கோளாறு இதற்கு நேர் எதிர்.

இன்னொரு வேறுபாடு, பளு. தளர்ந்த அடாப்டர் சும்மா இருக்கும் ரூட்டரைத் தாங்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போதோ, யுஎஸ்பியில் டிஸ்க் செருகும்போதோ, பூட் ஆகும் முதல் சில நொடிகளிலோ கூடுதல் ஆம்பியர் கேட்டால் கைவிடும்.

நான் ஏமாந்த கதை

என் ரூட்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர். நாலு வருடம் ஆகியிருந்தது. மாலை ஏழுக்கு மேல் இரண்டு, மூன்று முறை விழும். தொட்டால் மேல்பக்கம் நல்ல சூடு. சூடுதான் என்று முடிவு கட்டி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். அன்று இரவு முழுக்க ஒரு முறைகூட விழவில்லை. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு தூங்கினேன். மறுநாள் விசிறி ஓடும்போதே மூன்று முறை விழுந்தது. யோசித்தால், முதல் நாள் இரவு வீட்டில் நான் மட்டும்தான். வீடியோ பார்க்க ஆள் இல்லை, பளு இல்லை. விசிறிக்குப் போன பாராட்டு காலி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது.

அப்புறம் மல்டிமீட்டர் எடுத்தேன். அடாப்டரைத் தனியாக அளந்தால் 12.2 வோல்ட். குறையே இல்லை. பெரும்பாலானோர் இங்கேதான் நிறுத்திவிட்டு "அடாப்டர் நல்லா இருக்கு" என்கிறார்கள். பளு இல்லாத அளவு எதையும் நிரூபிக்காது, செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் சும்மா நிற்கும்போது முழு வோல்ட் காட்டும். சிசிடிவி கேமரா மாட்டுபவர்கள் பயன்படுத்தும், திருகு முனை வைத்த டிசி பின் ஜோடி ஒன்று இருந்தது. அதை அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் போட்டு, இரண்டு முனையும் உரசாமல் கவனமாக மீட்டரை வைத்தேன். ரூட்டர் சும்மா இருக்கையில் 11.7. ஒரு பெரிய கோப்பை வைஃபையில் நகலெடுக்கவிட்டால் 10.9க்கு இறங்கி, எண் நிற்காமல் ஆடியது. சில நிமிடத்தில் ஒரு கணம் எட்டு சொச்சம் காட்டியது, விளக்குகள் அணைந்தன.

10.9 வோல்ட்டில் ரூட்டர் விழ வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே அது 12ஐ 3.3 வோல்ட்டாகவும் அதற்குக் கீழும் குறைத்துக்கொள்கிறது, கொஞ்சம் இறங்கினாலும் தாங்கும். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. அந்தச் சராசரிக்குள் நொடியின் சிறு பங்கில் ஏற்படும் பள்ளங்கள் மீட்டருக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். எண் ஆடுவதே கெட்ட அறிகுறி. நல்ல அடாப்டர் போட்டபோது அதே நகலெடுப்பில் 11.9ஐ விட்டு அசையவில்லை. `Uptime` மூன்று வாரத்தைத் தாண்டியது. மேல்பக்கம் முன்பு இருந்த அதே சூடுதான்.

எதை முதலில் செய்வது

மீட்டர் இல்லை என்றால் அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே சுலபம். வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அல்லது அதற்கு மேல். 1 ஆம்பியருக்கு 2 ஆம்பியர் போட்டால் ஒன்றும் ஆகாது, ரூட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். நடுமுனை கூட்டலா கழித்தலா என்று லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள். அப்புறம் பின்னின் உள்துளை: 5.5 மில்லிமீட்டர் பின்னில் 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. 2.1 வேண்டிய இடத்தில் 2.5 போட்டால் உள்ளே போகும், ஆனால் தளர்வாக நிற்கும், ஒயரைத் தொட்டால் ரீஸ்டார்ட் ஆகும். புது அடாப்டரும் சரியில்லை என்று பலர் திட்டுவது இதனால்தான். பழைய அடாப்டரைப் பிளந்து கெப்பாசிட்டர் மாற்றும் யோசனையை நான் ஊக்குவிக்க மாட்டேன். உள்ளே மெயின்ஸ் பக்கக் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல்கூட வைத்திருக்கக்கூடும்.

சூட்டுக்கு வைத்தியம் இன்னும் மலிவு, ஆனால் தீர்ப்பு வர நாளாகும். வீட்டு ரூட்டர் பலவற்றுக்கும் கையேட்டில் சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். மூடிய அலமாரிக்குள் அதைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. வெளியே எடுத்து, நிமிர்த்தி, துவாரங்களில் தூசி நீக்கி, இரண்டு மூன்று நாள் வழக்கமான பளுவோடு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அடாப்டரையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

என் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்குச் சித்தப்பா வீடே சாட்சி. அவர் போனில் நடப்பதை விவரித்தபோதே நான் "அடாப்டர்தான் சித்தப்பா" என்று சொல்லி, என்னிடம் இருந்த நல்ல அடாப்டரையும் எடுத்துப் போனேன். மாற்றினோம். ஒரு மணி நேரத்தில் விளக்குகள் உறைந்து நின்றன.

"நீதான் அடாப்டர்னு சொன்னியே?" என்றார்.

ரூட்டர் இருந்தது கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலை மேல். அதை எடுத்து அலமாரி உச்சியில் வைத்து, அவருடைய பழைய அடாப்டரையே திரும்பச் செருகினேன். அதற்குப் பிறகு விழவில்லை. அந்த அடாப்டரும் அதே அலமாரிக்குள் வெந்துகொண்டிருந்ததுதான். கெப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. அதனால் என் அடாப்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.