தயிரா திரளா, உறையா ரென்னெட்டா: ஒரு பார்மிஜானோ செய்முறைக் குறிப்பின் மூன்று தமிழ் வடிவங்கள்

இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா பக்கம் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் பண்ணைகளில் பார்வையாளர்களுக்கென்று ஒரு பக்கச் செய்முறைக் குறிப்பு வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. படிக்க எளிமையான பக்கம்தான். ஆனால் அதில் நான்கு சொற்கள் இருக்கின்றன: பாலை இறுகவைக்கும் கால்யோ, அப்படி இறுகிய பாலான கல்யாத்தா, சீஸை ஊறவைக்கும் உப்புநீரான சலமோயா, பிறகு மாதக்கணக்கில் வைத்திருப்பதைச் சொல்லும் ஸ்தஜோனதூரா. இந்த நான்கில் எதைத் தவறாக எடுத்தாலும் சீஸ் வேறு ஏதோ பண்டமாகிவிடும். நான் எழுதிப் பார்த்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

முதல் வடிவம், வீட்டுத் தமிழ்:

"பாலில் முந்தைய நாள் மோரும் உறையும் சேர்க்கிறோம். பத்து நிமிடத்தில் பால் தயிராகிவிடும். தயிரை அரிசி அளவுக்கு உடைத்து 55 டிகிரியில் வேகவைக்கிறோம். பிறகு உப்பில் ஊறப்போட்டு, 12 மாதத்துக்குக் குறையாமல் பதப்படுத்துகிறோம்."

இரண்டாவது, கடன்சொல் வடிவம்:

"பாலில் வே ஸ்டார்ட்டரும் ரென்னெட்டும் சேர்க்கிறோம். பத்து நிமிடத்தில் கர்ட் உருவாகும். கர்டை அரிசி அளவுக்கு கட் செய்து 55 டிகிரியில் குக் செய்கிறோம். பிறகு பிரைனிங் முடித்து, 12 மாதத்துக்குக் குறையாமல் ஏஜிங் செய்கிறோம்."

இரண்டாவதில் தப்பு குறைவு. ஆனால் சீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது புரியும், அவர்களுக்குத் தமிழாக்கமே தேவையில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் கர்ட் என்றால் தயிர். பாக்கெட்டில் அச்சடித்திருப்பதும் அதுதான், கடையில் கேட்பதும் அதுதான். அதனால் கடன்சொல் வடிவத்தைப் படிப்பவர் மனதிலும் கடைசியில் தயிர்தான் வந்து நிற்கும். இத்தாலிய மொழியிலிருந்து நேரே வராமல் ஆங்கிலம் வழியாக வந்தால் இந்தப் பள்ளத்தில் விழாமல் இருப்பது கஷ்டம்.

முதல் வடிவத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். "பத்து நிமிஷத்துல தயிர் எப்படித் தோயும்?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. மொத்தச் சிக்கலும் அதற்குள்தான் இருக்கிறது.

தயிர் தோய்வது புளிப்பால். உறைமோரில் இருக்கும் பாக்டீரியா இரவெல்லாம் பாலைப் புளிக்கவைத்து, புளிப்பு ஓர் அளவுக்கு ஏறியதும் பால் கட்டியாகிறது. கல்யாத்தா அப்படி உருவாவதில்லை. பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி, பாலின் புரதத்தில் ஓர் இடத்தை வெட்டிவிட, புரதம் ஒன்றோடொன்று பிணைந்து மொத்தப் பாலும் இறுகுகிறது. அந்த நேரத்தில் பால் கிட்டத்தட்ட இனிப்பாகவே இருக்கிறது. புளிப்பு பெரும்பாலும் அதற்கப்புறம், அரிசி அளவுக்கு உடைத்து அச்சில் வைத்த மணிகளில்தான் ஏறுகிறது. இதற்கு நம் வீட்டில் நெருக்கமான உருவம் தயிர் அல்ல, சீம்பால் கட்டிதான். கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு பிளக்கும், விரலால் தொட்டால் அதிரும். காரணம் வேறு, சீம்பால் சூட்டில் இறுகுகிறது. தொட்டுப் பார்க்கும் பதம் மட்டும் அதுதான்.

பதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நொதியால் இறுகிய பாலில் சுண்ணாம்புச் சத்து புரதத்தோடு தங்கிவிடுவதால் அது இழுபடும், சூடேற்றினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். பார்மிஜானோ செய்முறையில் உடைத்த மணிகள் செப்புக் கொப்பரையின் அடியில் இறங்கி ஒரே பிண்டமாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணமும் இதுதான். புளித்த தயிரை உடைத்துச் சூடேற்றினால் மணல்மணலாகத்தான் போகும். ஆக, "தயிர்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "அடியில் ஒட்டிக்கொள்ளும்" என்று எழுதினால், தயிரைக் கையாண்ட எவரும் நம்பமாட்டார்.

சரி, தயிர் இல்லை என்றால் என்ன? பால்கட்டி என்று வைத்தால் அது முடிவில் வரும் பொருளின் பெயராகவும் புழங்குகிறது, இரண்டும் ஒரே பக்கத்தில் மோதும். திரிந்த பால் என்றால் கெட்டுப்போன பால். உறைந்த பால் என்றால் ஐஸ் பெட்டி நினைவு வரும். நான் "பால்திரள்" என்று முடிவு செய்தேன். இதிலும் ஒரு குறை உண்டு: திரள்வது என்றதும் நமக்கு வெண்ணெய்தான் ஞாபகம் வரும், பழமொழியே இருக்கிறது. ஆனாலும் இத்தாலியில் கால்யோ, கல்யாரே, கல்யாத்தா என்று ஒரே வேரில் நிற்பதுபோல் தமிழில் திரட்டு, திரள், திரள்கிறது என்று ஒரே குடும்பமாக நிறுத்த முடிகிறது. வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் கைகோத்து வந்தால் வாசகர் முதல் வரியில் பிடித்ததைக் கடைசிவரை விடமாட்டார்.

அடுத்து கால்யோ. முதல் வடிவத்தில் "உறை" என்று போட்டது நான் செய்த பெரிய பிழை. சொல் தவறானதல்ல, அதற்குரிய இடம் வேறு. இதே குறிப்பில் சியெரோ இன்னெஸ்தோ என்று இன்னொரு பொருள் வருகிறது. முந்தைய நாள் சீஸ் செய்தபோது பிரிந்த தெளிநீரில் கொஞ்சம் எடுத்து வைத்து, தானே புளிக்கவிட்டு, மறுநாள் பாலில் ஊற்றுவார்கள். நாளைக்கு வேண்டும் என்று ஒரு கரண்டி தயிரைத் தனியே எடுத்து வைக்கிறோமே, அதே வேலைதான். இன்னெஸ்தோ என்ற சொல்லுக்கு ஒட்டுப்போடுதல் என்று பொருள், மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல. ஆனால் தமிழில் "ஒட்டு" என்று எழுதத் தேவையே இல்லை. நம்மிடம் உறை என்ற சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கால்யோவுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையில் உறையாக இருக்கும் பொருளுக்கு "மோர்" என்ற மங்கலான சொல்தான் மிஞ்சும். என் முதல் வடிவத்தில் நடந்தது அதேதான். மோரோ வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது, இந்தத் தெளிநீரோ சீஸ் பிரிந்தபின் மிஞ்சுவது.

அப்படியானால் கால்யோவுக்கு மூன்று போட்டியாளர்கள்: உறைபொருள், திரட்டி, ரென்னெட். திரட்டி அழகான சொல், வேரும் பொருந்துகிறது, ஆனால் இணையத்தில் அது பதிவுகளைத் தொகுக்கும் தளங்களுக்குப் போய்விட்டது. உறைபொருள் நடுநிலையானது, ஆனால் இங்கே நடுநிலைதான் கோளாறு. இத்தாலியர்கள் விலங்கிலிருந்து வருவதைக் கால்யோ என்றும், செடியிலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ வருவதைக் கோஆகுலாந்தே என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். உறைபொருள் பின்னதற்குத்தான் பொருந்தும். பார்மிஜானோ விதிப்படி கன்றின் கால்யோ மட்டுமே சேர்க்கலாம். "உறைபொருள்" என்று எழுதினால், சைவம் சாப்பிடும் ஒருவர் தெரியாமலேயே இந்த விவரத்தைத் தாண்டிப் போய்விடுவார். எனவே ரென்னெட் என்று எழுதி, முதல்முறை வரும் இடத்திலேயே கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது என்று திறந்து சொல்லிவிடுவதே நேர்மை.

"வேகவைக்கிறோம்" பற்றிச் சுருக்கமாக. இத்தாலியில் சமைப்பது என்ற சொல்லைத்தான் போடுகிறார்கள், ஆனால் 55 டிகிரியில் எதுவும் வேகாது. மணிகளிலிருந்து நீரை வெளியேற்றும் சூடு அது. "சூடேற்றுகிறோம்" போதும். அரிசி அளவு என்பதில் மட்டும் ஒரு சின்ன விஷயம்: இத்தாலிய அரிசி குட்டையாகத் தடித்திருக்கும், பாஸ்மதியை நினைத்துக்கொள்ளக் கூடாது, இட்லி அரிசி என்றால் கிட்டத்தில் வரும்.

சலமோயாவுக்கு நான் பயந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. அச்சிலிருந்து எடுத்த வட்டுகள் 20 நாளை ஒட்டி, செறிந்த உப்புநீரில் கிடக்கும். உப்பு உள்ளே போகும், நீர் வெளியே வரும், ஓரம் இறுகும். முதல் வடிவத்தின் "உப்பில் ஊறப்போட்டு" என்பதில் நீர் காணாமல் போய்விட்டது, உப்பைத் தூவிப் புதைப்பதுபோல் தொனிக்கிறது. "உப்புநீரில் ஊறவைத்து" என்றால் சரியாகிவிடும். அரிசியை ஊறவைத்தால் உப்புவதுபோல் சீஸும் உப்பிவிடும் என்று தோன்றாதா என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் மாவடு ஊறுவதைப் பாருங்கள், வடு சுருங்கித் தன் நீரை ஜாடியில் விடுகிறது, அதையும் ஊறுகிறது என்றுதான் சொல்கிறோம். உப்பு என்ற சொல் பக்கத்தில் இருந்தால் தமிழ்க் காது சரியான ஊறலைத்தான் பிடிக்கும். பிரைனிங் என்ற சொல் இதற்கு மேல் எதையும் தருவதில்லை.

ஸ்தஜோனதூராவில்தான் அதிக நேரம் போனது. பதப்படுத்துதல் என்று பலரும் எழுதுகிறார்கள், ஆனால் அது நேர் எதிர். பதப்படுத்துவது மாற்றத்தை நிறுத்த. இங்கே மரப்பலகையில் அடுக்கி, அடிக்கடி திருப்பி, துடைத்து, மாதக்கணக்கில் மாறவிடுகிறார்கள்; புரதம் உடைகிறது, ஈரம் குறைகிறது, நாளாக ஆகக் கடிக்கும்போது நறநறக்கும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. பழுத்தல் என்றால் மென்மையாகும் என்று பொருள் வந்துவிடும். தலெஜ்ஜோ மாதிரி மென்மையான சீஸுக்குப் பொருந்தும், பார்மிஜானோ இறுகுகிறதே. தேங்காய் முற்றுவதுபோல் என்று யோசித்தால் "முற்றுதல்" உண்மையில் மிக நெருக்கம், ஆனால் முற்றிய வெண்டைக்காய் என்று யாரும் பாராட்டுவதில்லை. கடைசியில் "முதிரவிடுதல்" என்று வைத்தேன். முதிரவைத்தல் என்பதைவிட இதில் ஒரு கூடுதல் சரி இருக்கிறது, வேலையைச் செய்வது காலம்தான். "24 மாதம் முதிர்ந்தது" என்று விலைச்சீட்டிலும் இயல்பாக நிற்கிறது.

மூன்றாவது வடிவம்:

"பாலில் முந்தைய நாள் தெளிநீரைப் புளிக்கவைத்த உறையை ஊற்றி, அதன் பிறகு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறோம். பத்து நிமிடத்தில் பால் திரண்டுவிடும். பால்திரளைக் குட்டை அரிசி அளவுக்கு உடைத்து 55 டிகிரிவரை சூடேற்றினால் மணிகள் அடியில் இறங்கி ஒரே பிண்டமாக ஒட்டிக்கொள்ளும். அச்சில் வைத்து உருவான வட்டை உப்புநீரில் ஊறவைத்து, 12 மாதத்துக்குக் குறையாமல் முதிரவிடுகிறோம்."

இதையும் அம்மாவிடம் படித்தேன். இந்த முறை பத்து நிமிடத்தில் நிறுத்தவில்லை, முதல் வரியிலேயே நிறுத்தினார். "கன்னுக்குட்டி இரைப்பையா? அப்போ போன வருஷம் நீ வாங்கிட்டு வந்தது?" என்றார். அதுவும் இதேதான் என்று சொன்னேன். ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.