ஆபீஸ் மெயிலில் வாங்கிய கோர்ஸ்: நான்கு வருட அனுபவமும் பத்தொன்பது நாள் அலைச்சலும்

2021 மார்ச்சில் சோழிங்கநல்லூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் சேர்ந்தேன். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்லப்போகும் சிக்கல் வேறு தளங்களிலும் வரக்கூடியதுதான். தனியாகக் காசு கொடுத்து மூன்று கோர்ஸ் வாங்கினேன். எஸ்.கியூ.எல். ஒன்று, எக்செல் ஒன்று, 8,500 ரூபாய்க்கு டேட்டா அனலிடிக்ஸ் ஒன்று. மூன்றுக்கும் ‘வாழ்நாள் அணுகல்’ என்று போட்டிருந்தார்கள். சில மாதம் கழித்து மாதச் சந்தாவும் எடுத்தேன். அதில் நூற்றுக்கணக்கான கோர்ஸ்கள் திறந்திருக்கும், கட்டுகிற வரைக்கும்.

பாடங்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.கியூ.எல். கோர்ஸை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மாலையில் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் பஸ் நகராமல் நிற்கும்போது, டவுன்லோடு செய்த வீடியோதான் துணை. அடுத்த வேலை கிடைத்ததும் அந்தப் படிப்பால்தான்.

ஆனால் ஒரு தப்பு செய்திருந்தேன். சேரும்போது பாஸ்வேர்டு யோசிக்கச் சோம்பல்பட்டு, ‘கூகுள் மூலம் நுழைக’ பட்டனைத் தட்டினேன். ஆபீஸ் லேப்டாப். அதில் திறந்திருந்தது ஆபீஸ் மெயில். பணம் என் சொந்த கார்டில் இருந்து போனது, கணக்கு மட்டும் கம்பெனி முகவரியில் உட்கார்ந்துகொண்டது.

2023 ஆகஸ்டில் ரிலீவ் ஆனேன். அன்று மாலையே மெயில் போய்விட்டது. எனக்கு உறைக்கவே இல்லை. காரணம், போனில் இருந்த ஆப் லாகினிலேயே இருந்தது. வீடியோ ஓடியது, சந்தாப் பணமும் மாதாமாதம் போனது. ஒன்றேகால் வருடம் அப்படியே ஓடியது.

2024 நவம்பரில் என் கிரெடிட் கார்டு காலாவதியாகி, பேங்கில் புது எண்ணோடு வேறு கார்டு வந்தது. ஆட்டோ டெபிட்டுக்கு நாம் கொடுக்கும் ஒப்புதல், இ-மேண்டேட், பழைய கார்டோடு கட்டியது. புது கார்டில் அதை நாமேதான் மறுபடி பதிய வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி வந்த பிறகு, தளம் தானாக வேறு கார்டில் இருந்து பணம் எடுத்துவிட முடியாது. அது நல்லதுதான். ஆனால் ‘பணம் வரவில்லை, கார்டை மாற்றுங்கள்’ என்று தளம் அனுப்பிய நினைவூட்டல் எல்லாம் செத்துப்போன ஆபீஸ் மெயிலுக்குப் போயிருக்கிறது. சந்தா சத்தமில்லாமல் அறுந்துவிட்டது.

2025 ஜனவரியில் பொங்கல் லீவில் புது போன் வாங்கி ஆப்பைப் போட்டபோதுதான் மொத்தமும் தெரிந்தது. கூகுள் பட்டனைத் தட்டினால் ஆபீஸ் மெயில் இல்லை. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று கொடுத்தால், ‘அப்படி ஒரு கணக்கு இருந்தால் லிங்க் அனுப்பியிருக்கிறோம்’ என்று வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. பதற்றத்தில் என் ஜிமெயிலில் புதிதாக ஒரு கணக்கு திறந்தேன். போதாததற்கு, ‘வாங்கின வரலாறு இருந்தால் பழையதையும் சேர்த்துவிடுவார்கள்’ என்று நானாக நினைத்துக்கொண்டு, 499 ரூபாய்க்கு ஒரு குட்டி கோர்ஸும் வாங்கினேன். யாரும் இப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழைய ஆபீஸில் ஐ.டி. டீமில் இருக்கும் தம்பி ஒருவனுக்குப் போன் போட்டேன். என் பழைய முகவரியை அரை மணி நேரம் உயிர்ப்பித்தால் அந்த லிங்க்கைப் பிடித்துவிடலாமே என்று என் கணக்கு.

“அண்ணா, டெலிட் பண்ணி இருபது நாளுக்குள்ள கேட்டிருந்தாலே அப்ரூவல் வாங்கணும். இப்போ ஒன்றரை வருஷம் ஆகப்போகுது. அந்த முகவரியை வேற பெட்டிக்குத் திருப்பலாம்தான், ஆனா அப்போ உங்களுக்கு வர்ற கிளையன்ட் மெயிலும் அங்கதானே விழும்? என் வேலை போயிடும்ணா.”

அவன் சொன்னது நியாயம். அந்த வழி மூடியாயிற்று.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதல் பதில்: ‘பதிவு செய்த மெயிலில் இருந்து எழுதவும்.’ அந்த மெயில்தான் இல்லை என்று எழுதினால் இரண்டாவது பதில்: ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்தால் அணுகல் கிடைக்கும்.’ சந்தா முடிந்ததும் உண்மை, மெயில் போனதும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம். சந்தாவில் பார்த்தது வாடகை வீடு மாதிரி. வாடகை நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். தனியாக வாங்கிய மூன்றும் அப்படியல்ல, சந்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டியவை. இந்த வித்தியாசத்தை நாமே முதல் வரியில் எழுதாவிட்டால், அவர்கள் திரையில் சிவப்பாகத் தெரியும் ‘சந்தா காலாவதி’யைப் பார்த்து ஒரு ரெடிமேட் பதிலைத் தள்ளிவிடுவார்கள்.

சரி, வாங்கியது நான்தான் என்று எப்படிக் காட்டுவது? இன்வாய்ஸ் எல்லாம் அதே ஆபீஸ் மெயிலுக்குள். அப்போதுதான் பழைய போன் ஞாபகம் வந்தது. முனை விரிசல் விட்டு, என் பெண் கேம் விளையாட எடுத்துக்கொண்ட போன். சார்ஜ் போட்டுத் திறந்தால் ஆப் இன்னும் லாகினில் இருக்கிறது! சந்தா கோர்ஸ்களில் பூட்டுக் குறி. டவுன்லோடு செய்து வைத்திருந்தவையும் ஓடவில்லை. ஆனால் தனியாக வாங்கிய மூன்று கோர்ஸும் ஓடின. எஸ்.கியூ.எல். கோர்ஸில் நான் விட்ட நிமிடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

உடனே அமைப்புக்குள் போய் மெயிலை மாற்றப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கூகுள் வழியாக நுழைந்த எனக்குப் பாஸ்வேர்டே கிடையாது. புதிதாக வைக்கலாம் என்றால் அதற்கான லிங்க் போவது, வேறெங்கே, அந்த ஆபீஸ் மெயிலுக்கு. ஆனாலும் ‘வாங்கிய விவரம்’ பக்கம் திறந்தது. மூன்று ஆர்டர் எண், தேதி, தொகை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். அந்த ஆப்பில் லாக் அவுட் மேல் கை படக்கூடாது என்று பெண்ணிடம் சொல்லி, போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்து பேங்க் ஸ்டேட்மென்ட். 2021 மார்ச்சுக்கானதை நெட் பேங்கிங்கில் எடுத்தால், தளத்தின் பெயருக்குப் பதில் பேமென்ட் கேட்வேயின் பெயர் இருந்தது. தேதியையும் தொகையையும் வைத்துத்தான் பிடித்தேன். இங்கே ஒரு பொறி உண்டு. ‘கார்டின் கடைசி நான்கு எண்’ கேட்டார்கள், நான் கையில் இருந்த புது கார்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். ‘பொருந்தவில்லை’ என்று கேஸை மூடினார்கள். அவர்கள் பார்ப்பது வாங்கிய அன்று இருந்த கார்டின் எண்ணை. பழைய ஸ்டேட்மென்டின் தலைப்பில் அது இருக்கும். கடைசி நான்கு போதும், முழு எண்ணை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஸ்டேட்மென்டை அனுப்பும்போது மற்ற வரவு செலவுகளைக் கறுப்படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இந்தத் தடவை தளத்தின் அடிப்பகுதியில் பெயர் போட்டிருந்த குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-ஆம் வருட மின்வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரே மெயிலில் எல்லாம் வைத்தேன். பழைய முகவரி, அது ஏன் இல்லை, புது முகவரி, மூன்று ஆர்டர் எண், தேதி, தொகை, பழைய கார்டின் கடைசி நான்கு, முடித்த கோர்ஸின் சான்றிதழ் எண். ‘சந்தாவைக் கேட்கவில்லை, தனியாக வாங்கிய மூன்றை மட்டும் கேட்கிறேன்’ என்பதை முதல் வரியாக எழுதினேன். மறுநாளே ஒரு மனிதர் எழுதிய பதில் வந்தது. இதுவும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவது என்று இருந்தேன், தேவைப்படவில்லை. கம்பெனி பணத்தில் வாங்கியிருந்தால் இந்த வழி எதுவும் எடுபட்டிருக்காது. அது கம்பெனியின் சொத்து.

ஆதாரத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பழைய கணக்கின் முகவரியை என் ஜிமெயிலுக்கு மாற்றப் போனால், ‘இந்த மெயில் ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது’ என்று அவர்கள் சிஸ்டமே மறுத்துவிட்டது. நான் பதறித் திறந்த அந்தக் கணக்குதான் குறுக்கே நிற்கிறது. இரண்டு கணக்கை இணைக்கும் வசதி அவர்களிடம் இல்லையாம். வெறும் கணக்காக இருந்தால் அழித்துவிடலாம், அதில் 499 ரூபாய் கோர்ஸ் கிடக்கிறது.

வழி சொன்னதும் அந்த மனிதர்தான். ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது எழுத்தும் சேர்த்தால், மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும். தளமோ அதை வேறு முகவரியாகப் பார்க்கும். புது கணக்கின் முகவரியை இப்படி மாற்றினேன்:

```
yourname+pudhusu@gmail.com
```

சில தளங்களின் படிவம் கூட்டல் குறியை ஏற்காது, இது ஏற்றது. மாற்றியதும் ஜிமெயில் முகவரி விடுபட்டது, பழைய கணக்கை அதற்கு நகர்த்தினார்கள். உள்ளே போகலாம் என்று கூகுள் பட்டனைத் தட்டினால் மறுபடியும் அந்தப் புது கணக்கே திறக்கிறது! ஒரு நிமிடம் தலை சுற்றியது. பட்டன் மெயில் முகவரியைப் பார்ப்பதில்லை, முதலில் எந்தக் கணக்கோடு கூகுளை இணைத்தோமோ அதையே பிடித்துக்கொள்கிறது. பட்டனை விட்டுவிட்டு, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ வழியாகப் போய்ப் பாஸ்வேர்டு வைத்தேன். மூன்று கோர்ஸும் வந்து நின்றன. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது நாள்.

சந்தா திரும்பக் கிடைக்கவில்லை, கேட்கவும் இல்லை. 2021-இல் சேர்ந்தவர்களுக்கான பழைய விலை, அறுந்தபோதே போய்விட்டது. ஒரே ஒரு மாதத்துக்குப் புது விலையில் கட்டினேன். சந்தா கோர்ஸ்களில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அழியாமல் இருந்தன, அவற்றை நகல் எடுத்துக்கொண்டு ரத்து செய்துவிட்டேன்.

தளத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பாடத்துக்கு ஐந்துக்கு நான்கரை, கணக்கு நிர்வாகத்துக்கு இரண்டு. ஒன்றரை வருடம் ஒரு முகவரியில் இருந்து மெயில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது என்றால், ஆப்பிலேயே ‘உங்கள் மெயில் வேலை செய்யவில்லை’ என்று ஒரு பட்டை காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பழைய போனை மட்டும் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூட்டல் குறி போட்ட கணக்கு இன்னும் இருக்கிறது, அந்த 499 ரூபாய் கோர்ஸை இதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை.