புரோட்டோகால், பதிவேடு, எஸ்.ஏ.பி: விளைவுகளைப் பொறுக்கி எழுதுவதை எது தடுக்கிறது?

ஒரு மருந்துப் பரிசோதனையில் எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, ஆய்வு தொடங்கும் முன் எழுதப்படும் புரோட்டோகால். அடுத்தது, ClinicalTrials.gov அல்லது இந்தியாவின் சி.டி.ஆர்.ஐ போன்ற பொதுப் பதிவேடு. மூன்றாவது, யாருக்கு மருந்து, யாருக்கு டம்மி மாத்திரை என்ற ரகசியத்தை உடைப்பதற்கு, அதாவது அன்பிளைண்ட் செய்வதற்கு, முன்பு கையெழுத்திட்டு முடிக்கும் புள்ளியியல் அலசல் திட்டம். துறையில் இதை எஸ்.ஏ.பி என்பார்கள். முடிவு தெரிந்தபிறகு சாதகமான விளைவை மட்டும் பொறுக்கி எழுதுவதைத் தடுப்பதில் மூன்றும் சமமானவை அல்ல. ஒரு பழைய வழக்கை வைத்துப் பார்த்தால் இது புரியும்.

ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனம் 1990-களில் நடத்திய ஸ்டடி 329 அது. மனச்சோர்வுள்ள 275 பதின்வயதினர் பங்கேற்றார்கள். அந்நிறுவனத்தின் மருந்தான பராக்செடின், பழைய மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின், டம்மி மாத்திரை என்று மூன்று குழுக்கள், எட்டு வாரச் சிகிச்சை. புரோட்டோகாலில் இரண்டு முதன்மை விளைவுகள், அதாவது மருந்து பலித்ததா என்று தீர்மானிக்கும் அளவீடுகள், இருந்தன. ஒன்று, மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலின் மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்பது. மற்றது, மதிப்பெண் பாதியாகவாவது குறைந்தவர்கள் அல்லது 8-க்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. இந்த இரண்டாவதில் பராக்செடின் குழுவில் 66.7 சதவீதம், டம்மி குழுவில் 55.2 சதவீதம். மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.11. அது 0.05-க்குக் கீழ் இருந்தால்தான் வழக்கமாக விளைவு தேறியதாகக் கொள்வார்கள். முதன்மை விளைவுகள் இரண்டுமே தேறவில்லை.

ஆனால் 2001-ல் வந்த கட்டுரை, மருந்து பலனளிக்கிறது என்றது. எப்படி? அந்த இரண்டாவது வரையறையிலிருந்து 'பாதியாகக் குறைந்தவர்கள்' என்ற பகுதியைக் கழற்றிவிட்டு, 8 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். 63.3 சதவீதத்துக்கு எதிராக 46 சதவீதம். பி மதிப்பு 0.02! அதே நோயாளிகள், அதே எட்டாவது வாரம், அதே அளவுகோல். மாறியது கணக்கிடும் விதம் மட்டுமே. ஆய்வு ஆவணங்களைப் பின்னாளில் அலசியவர்கள், மொத்தம் 27 விளைவுகள் சோதிக்கப்பட்டதாகவும் அவற்றில் நான்குதான் தேறியதாகவும் 2008-ல் எழுதினார்கள். அந்த நான்கில் ஒன்றுகூட புரோட்டோகாலில் இருந்ததில்லை. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை, 27 விளைவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஒன்றாவது தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 75 சதவீதம். நிஜத்தில் அவை ஒன்றையொன்று சார்ந்தவை, ஆகவே இந்த எண் தோராயம்தான். ஆனாலும் எத்தனை கதவுகள் தட்டப்பட்டன என்று தெரியாமல் 0.02-ஐ நம்ப முடியாது.

இங்கே புரோட்டோகால் இல்லாமல் இல்லை. இருந்தது, தெளிவாகவும் இருந்தது. கட்டுரையைப் படித்தவர்கள் கையில்தான் அது இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் பதிவேடுகள். அவை ஓரளவே தீர்த்தன. பிரிட்டன் மருத்துவர் பென் கோல்டேக்கரின் குழு ஐந்து பெரிய மருத்துவ இதழ்களில் வந்த 67 பரிசோதனைகளை அவற்றின் முன்பதிவோடு ஒப்பிட்டது. ஒன்பதுதான் குறையின்றி இருந்தன. சொல்லிவிட்டு வெளியிடாத விளைவுகள் 354, சத்தமில்லாமல் சேர்த்தவை 357. பதிவேடு இருந்தும், ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பதிவேட்டில் பெரும்பாலும் 'எட்டாவது வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண்' என்ற அளவில் ஒரு வரிதான் இருக்கும். சராசரி மாற்றமா, ஒரு எல்லைக்குக் கீழ் வந்தவர்களின் விகிதமா? எல்லை எது? நடுவில் விலகியவர்களுக்கு அவர்களுடைய கடைசி மதிப்பெண்ணையே எட்டாவது வாரத்துக்கும் வைத்துக்கொள்வதா, இல்லை வேறு வழியா? அந்த ஒரு வரிக்குள் பத்து வேறு கணக்குகள் ஒளிந்துகொள்ளலாம். மேலே பார்த்த 66.7-க்கும் 63.3-க்கும் நடுவிலுள்ள வித்தியாசமும் இப்படிப்பட்ட வரிக்குள் காணாமல் போயிருக்கும்.

எஸ்.ஏ.பி-யின் பலம் இந்த இடத்தில்தான். நல்ல எஸ்.ஏ.பி ஒவ்வொரு விளைவுக்கும் எந்தக் கருவி, எந்த நாள், மாற்றமா எல்லையா, எந்த மாடல், விலகியவர்களை எப்படிச் சேர்ப்பது என்பதையெல்லாம் சொல்லிவிடும். எண்கள் இல்லாத வெற்று அட்டவணைகளையும் பின்னிணைப்பாகப் போட்டுவிடுவார்கள். பிறகு எண்ணை நிரப்ப வேண்டியதுதான், புதிதாக ஒரு வரி சேர்த்தால் பளிச்சென்று தெரியும். புரோட்டோகாலிலேயே இவ்வளவும் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம்தான், ஆனால் அப்போது தரவு ஒன்றுமே கையில் இருக்காது. மூன்றிலொருவர் நடுவில் விலகுவார்கள், ஒரு மையத்தில் அளவீடு தாறுமாறாக இருக்கும் என்பதெல்லாம் ஆய்வு ஓடும்போதுதான் தெரியவரும். குழு அடையாளத்தை மறைத்துவைத்தபடியே மொத்தத் தரவைப் பார்த்து, அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்த முடியும். மருந்துப் பரிசோதனை விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.ஹெச் அமைப்பின் 1998-ம் ஆண்டு இ9 வழிகாட்டி இதை அனுமதிக்கிறது. கூடவே, திட்டம் எப்போது முடிக்கப்பட்டது, ரகசியம் எப்போது உடைக்கப்பட்டது என்ற இரண்டுக்கும் முறையான பதிவு இருக்க வேண்டும் என்கிறது.

அந்தப் பதிவு இல்லாவிட்டால் எஸ்.ஏ.பி-யால் பெரிய பயன் இல்லை. கூடுதல் விளைவுகளை ரகசியம் உடையும் முன்பே சேர்த்துவிட்டோம் என்பதுதான் ஸ்டடி 329 தரப்பின் வாதமும். தரவை மறுபடி அலசி 2015-ல் பி.எம்.ஜே இதழில் எழுதியவர்களுக்கு அந்த வாதம் ஏற்கத்தக்கதாகப் படவில்லை. தேதியும் கையெழுத்தும் உள்ள கோப்பு ஒன்று பொதுவில் இருந்திருந்தால் சண்டைக்கே இடமில்லை. அந்த மறு அலசலின்படி பராக்செடின் டம்மி மாத்திரையைவிட மேலானதாக இல்லை, தற்கொலை எண்ணம் சார்ந்த பாதிப்புகளோ அந்தக் குழுவில் கூடுதலாக இருந்தன.

சரி, எஸ்.ஏ.பி-யை மட்டும் நம்பலாமா? கூடாது. புரோட்டோகாலில் முதன்மையாக இருந்ததை எஸ்.ஏ.பி-யில் ஓசையில்லாமல் இரண்டாம் நிலைக்கு இறக்கிவிடலாம். அன்பிளைண்டுக்கு முன்புதானே செய்தோம் என்று வாதமும் செய்யலாம். ரகசியமும் சில நேரம் பெயரளவுக்குத்தான் இருக்கும். வாய் உலர்வது, தூக்கக் கலக்கம் என்று மருந்துக்கே உரிய பக்கவிளைவு தரவில் இருந்தால், யார் எந்தக் குழு என்று பாதி ஊகித்துவிடலாம். ஆய்வு முடியும் முன்பே செய்யும் இடைக்கால அலசலில் குழுவாரி எண்களைப் பார்த்த புள்ளியியலாளரே எஸ்.ஏ.பி-யைத் திருத்தினால் கதை முடிந்தது. அதனால் அந்த எண்களைப் பார்க்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவுக்கு வேலை செய்பவரும், திட்டம் எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

என் கணிப்பில், ரகசியம் காக்கப்படும் பரிசோதனைக்குப் பதிவேடும் தேதியிட்ட எஸ்.ஏ.பி-யும் சேர்ந்துதான் சரிப்படும். முதன்மை விளைவைப் பதிவேடு ஆரம்பத்திலேயே கட்டிப்போடும், கணக்கின் நுணுக்கத்தை எஸ்.ஏ.பி பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் முதன்மை விளைவுக்கான தரவுத் திரட்டல் 2017 ஜனவரி 18 அன்றோ அதற்குப் பிறகோ முடிந்த, சட்ட வரம்புக்குள் வரும் பரிசோதனைகள் முடிவுகளோடு புரோட்டோகாலையும் எஸ்.ஏ.பி-யையும் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். ஆகவே இப்போது யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். எஸ்.ஏ.பி-யின் முதல் பக்கத்தில் உள்ள கடைசித் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள், அப்புறம் கட்டுரையில் தரவுத்தளம் எப்போது பூட்டப்பட்டது, அதாவது இனி எண்களை மாற்றக்கூடாது என்று எப்போது மூடப்பட்டது, என்று தேடுங்கள். திருத்தம் பூட்டுக்குப் பிந்தியது என்றால், என்ன திருத்தினார்கள் என்ற பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அறுவைசிகிச்சையா, உடற்பயிற்சியா என்பது போன்ற, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஆய்வுகளில் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே உடைக்க ரகசியமே இல்லை, குழுவாரி நிலவரம் முதல் மாதத்திலிருந்தே கண்ணில் படும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எஸ்.ஏ.பி-யை முடித்துப் பொதுவில் போடுவதுதான் அங்கே சரியான வழி. கையில் தரவு இல்லாமல் எழுதுவதால் சில இடங்கள் பொருந்தாமல் போகும். பின்னால் திருத்த நேர்ந்தால் எதை, எப்போது, ஏன் திருத்தினோம் என்று கட்டுரையிலேயே எழுதிவிட வேண்டும்.