பின்னணி மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் முதலில் மேட் கேளுங்கள்

வீடியோவில் பின்னணியை மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் எடிட்டிங் கடையிடம் முன்பணமாகக் கொடுத்த 4,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன வேலையைச் சொல்லி என்ன வேலையைத் தந்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காள் மகன் மொட்டை மாடியில் சிலம்பம் சுற்றும் 10 விநாடிக் காட்சி அது. மாலை மங்கிய வெளிச்சத்தில், போனைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்தபடி எடுத்தது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நீலத் தண்ணீர்த் தொட்டிகளும் பக்கத்து வீட்டுக் கொடித் துணிகளும் தெரியும். அவற்றின் இடத்தில் தென்னந்தோப்பு வர வேண்டும். தரையும் சுவரும் அப்படியே இருக்கலாம். "ஒவ்வொரு பிரேமாகக் கையால் ரோட்டோ செய்வோம், டிராக்கிங்கும் உண்டு, மொத்தம் 8,000" என்றார்கள். ரோட்டோ என்றால் ஆளின் விளிம்பைச் சுற்றி வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது; டிராக்கிங் என்றால் கேமரா நகர்ந்ததைக் கணக்கிட்டு, புதிய பின்னணியை அதற்கேற்ப நகர்த்துவது. விநாடிக்கு 30 பிரேம் என்றால் 300 பிரேம்.

வந்த வீடியோவில் பையனின் தோள் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரி பொங்கிப் பொங்கி அடங்கியது. தானியங்கித் தூரிகையால் ஒரு பிரேமில் ஆளைத் தீட்டிவிட்டு, மீதியை மென்பொருளே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு பிரேமில் விளிம்பு சற்றே தவறினால் அடுத்த பிரேம் அந்தத் தவறிலிருந்துதான் தொடங்கும். ஆங்காங்கே நிறுத்தித் திருத்தாவிட்டால் பிழை வளர்ந்துகொண்டே போகும்.

அவர்கள் சொன்னபடி 300 பிரேமையும் தனித்தனியே வரைந்திருந்தாலும் விளிம்பு துடிக்கத்தான் செய்யும் என்பதைப் பிறகு இதே தொழிலில் இருக்கும் நண்பர் விளக்கினார். தெரிந்தவர்கள் தலை, உடல், மேல்கை, முன்கை என்று தனித்தனி வடிவங்களாகப் பிரித்து, அசைவு திசை மாறும் பிரேம்களில் மட்டும் வடிவத்தைப் பொருத்துவார்கள். இடைப்பட்டவற்றை மென்பொருள் நிரப்பும். பொருந்தாத இடத்தில் மட்டும் திருத்தம் சேர்ப்பார்கள்.

கம்பின் கதை இன்னும் மோசம். வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு பிரேமையும் அதிக நேரம் திறந்து பிடிக்கும். வேகமாகச் சுழலும் கம்பு விசிறி போன்ற மங்கலாகப் பதிவாகும். அந்த மங்கலில் பாதி கம்பு, பாதி பின்னால் இருந்த தொட்டியின் நீலம். அதைக் கத்தரித்த மாதிரி வெட்டினால் தென்னை மரங்களுக்கு நடுவே நீலப் பட்டை பறக்கும். எனக்கு வந்ததில் சில இடங்களில் அதுதான் பறந்தது; மற்ற இடங்களில் கம்பே இல்லை, பையன் வெறுங்கையைச் சுழற்றுகிறான். ஆள் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் தெரியும் வீடியோவுக்கு மேட் என்று பெயர். மங்கலுக்குத் தக்கபடி அந்த மேட்டின் விளிம்பையும் மங்கலாக்கி, ஒட்டியிருக்கும் பழைய நிறத்தை நீக்க வேண்டும். அதுவும் போதாத இடத்தில் கம்பைப் புதிதாக வரைந்து சேர்ப்பார்களாம்.

டிராக்கிங் என்று எதுவுமே இல்லை. கேமரா ஆடியது, சுவர் ஆடியது, தோப்பு மட்டும் அசையாமல் நின்றது. கேட்டதும் "சரி செய்து தருகிறோம்" என்று அனுப்பிய இரண்டாவது வீடியோவில், பையன் குதிக்கும்போதெல்லாம் தோப்பும் சேர்ந்து குதித்தது! டிராக்கிங் புள்ளிகள் பையனின் சட்டைமேல் விழுந்திருக்கின்றன. அசையும் ஆளை மறைத்துவிட்டுத்தான் கேமராவின் நகர்வைக் கணக்கிட வேண்டும். இது இந்த வேலையின் அரிச்சுவடி.

மூன்றாவது முறை தோப்பைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டினார்கள். அதுவும் தவறு. கேமரா பக்கவாட்டில் நகரும்போது அருகில் உள்ள சுவர் அதிகமாகவும் தொலைவில் உள்ள மரம் குறைவாகவும் நகர வேண்டும். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால், சுவரில் மாட்டிய திரைச்சீலையாகத்தான் தோப்பு தெரியும். மூல வீடியோவில் தொலைவில் தெரிந்த தொட்டியின் விளிம்பை டிராக் செய்திருந்தால் கிட்டத்தட்டப் பொருந்தியிருக்கும். அந்தத் தொட்டி எப்படியும் மறையப் போகிறது என்பதற்காக அதை யாரும் பார்க்கவே இல்லை.

அந்தக் கறுப்பு வெள்ளை மேட்டைக் கேட்டேன். "அதெல்லாம் கொடுக்கும் வழக்கம் இல்லை" என்றார்கள். மேட்டை ஓட்டிப் பார்த்தால் விளிம்பின் துடிப்பும் காணாமல்போன விரலும் உடனே தெரிந்துவிடும். பின்னணிப் படம் வண்ணமயமாக இருந்தால் அதே குறைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் தர மறுத்தார்கள் என்பது என் எண்ணம்.

இப்படி ஒரு வேலையை யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், உங்கள் வீடியோவிலேயே அசைவு அதிகமான இரண்டு விநாடியைக் கொடுத்து மாதிரி கேளுங்கள். ஆள் சும்மா நிற்கும் பகுதியை அவர்களே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். மாதிரியை மேட்டாக ஒருமுறையும், ஆளுக்குப் பின்னால் பளிச்சென்ற ஒரே நிறம் வைத்து ஒருமுறையும் வாங்கி, பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். மீதி 4,000 ரூபாயை நான் கொடுக்கவில்லை. முன்பணத்தைக் கேட்டால், மூன்று முறை செய்து தந்த கூலிக்கு அது கழிந்துவிட்டது என்கிறார்கள்.